70° பெரிதா, 86.8 பெரிதா: பழைய விஸ்கி லேபிள்களில் புரூஃப் கணக்கு

கேள்வி: "தாத்தா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் திறக்காத ஸ்காட்ச் பாட்டில்கள் இரண்டு கிடைத்தன. இரண்டும் ஒரே பிராண்ட். ஒன்றில் '70° புரூஃப், 26⅔ ஃப்ளூயிட் அவுன்ஸ்' என்றும், மற்றதில் '86.8 புரூஃப், 4/5 குவார்ட்' என்றும் அச்சிட்டிருக்கிறது. புரூஃபைப் பாதியாக்கினால் சதவீதம் வந்துவிடும் என்று படித்தேன். அப்படியென்றால் முதல் பாட்டில் வெறும் 35 சதவீதம்தானா? ஒரே சரக்கு எப்படி இரண்டு விதமாக இருக்கும்?"

35 இல்லை, சரியாக 40. இரண்டாவது 43.4. பாதியாக்கும் கணக்கு அமெரிக்க லேபிளுக்கு மட்டும் பொருந்தும். உங்கள் முதல் பாட்டில் பிரிட்டனுக்குள்ளேயோ, பிரிட்டிஷ் கணக்கு நடந்த வேறொரு துறைமுகத்திலேயோ விற்பதற்காக அடைத்தது. அதற்கு நான்கால் பெருக்கி ஏழால் வகுக்க வேண்டும்: 70 × 4 ÷ 7 = 40. இரண்டாவது அமெரிக்கச் சந்தைக்குப் போனது, அதனால் 86.8 ÷ 2 = 43.4. ஆக இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது, ஆனால் நீங்கள் பயந்த அளவுக்கு இல்லை. பாட்டில் இரண்டும் ஏறத்தாழ 757 மில்லி கொள்பவை. முதலாவதில் சுத்த ஆல்கஹால் 303 மில்லி, இரண்டாவதில் 329 மில்லி வரும்.

ஒரே சொல்லுக்கு இரண்டு கணக்கு எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், அடுத்த தடவை ஒரு பழைய லேபிளைப் பார்க்கும்போது யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

புரூஃப் என்பது முதலில் ஓர் அளவுகோலே அல்ல. அது வரிக்காரன் போட்ட கோடு. 'இந்தச் சாராயம் கோட்டுக்கு மேலா, கீழா?' என்பதுதான் ஆரம்பகாலக் கேள்வி. மேலே இருந்தால் வரி அதிகம், கீழே இருந்தால் குறைவு. கோட்டில் சரியாக நிற்பதற்குப் பெயர் 'புரூஃப் ஸ்பிரிட்'. அதாவது சோதித்து நிரூபித்த சரக்கு. வெடிமருந்தில் சாராயத்தை ஊற்றிப் பற்றவைத்து, மருந்து 'பக்'கென்று பிடித்தால் புரூஃப், நமுத்துப்போய்ப் பிடிக்காவிட்டால் தண்ணீர் கலந்தது என்று கப்பற்படையில் சோதித்தார்கள் என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சொல்வதற்கு நல்ல கதைதான். வரி போடுவதற்கு உதவாது. வெடிமருந்துத் தூளில் எத்தனை சொட்டு ஊற்றுகிறோம் என்பதைப் பொறுத்தே முடிவு மாறிவிடும். கொஞ்சமாக ஊற்றினால் சுமாரான சரக்கும் தேறும், தாராளமாக ஊற்றினால் நல்ல சரக்கும் தோற்கும். வியாபாரியும் அதிகாரியும் எதிரெதிரே நிற்கிற இடத்தில் இப்படி ஒரு சோதனையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்?

அதனால் பிரிட்டிஷ் கலால் துறை எடைக்கு வந்தது. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது. சாராயம் எவ்வளவு லேசாக இருக்கிறதோ, அவ்வளவு ஆல்கஹால் அதில் உண்டு. லேசு பார்க்க ஹைட்ரோமீட்டர் போதும். மிதவையைப் போட்டால், லேசான திரவத்தில் ஆழமாக முங்கும், கனமானதில் மேலே நிற்கும். 18ஆம் நூற்றாண்டில் கிளார்க் என்பவரின் ஹைட்ரோமீட்டர் புழங்கியது. அதன் குளறுபடிகளைச் சரிசெய்து புதிதாக ஒன்றைச் செய்தவர் பார்த்தலோமியூ சைக்ஸ், அவரே ஒரு கலால் அதிகாரி. 1803இல் அவர் இறந்துவிட்டார். அவருடைய கருவி 1816இல் சட்டத்தில் ஏறியது. உங்கள் முதல் பாட்டிலில் இருக்கும் 70 என்ற எண் அந்தக் கருவியின் வாரிசுதான்.

சைக்ஸ் கருவியின் பழைய செட் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் சட்டென்று புரியும். பொன்முலாம் பூசிய பித்தளைக் குண்டு, அதன் மேலே தட்டையான மெல்லிய தண்டு. தண்டில் 0 முதல் 10 வரை கோடுகள், ஒவ்வொன்றும் ஐந்தாகப் பிரித்திருக்கும். பெட்டியில் 10, 20 என்று 90 வரை எண் வெட்டிய ஒன்பது எடைகள் இருக்கும். சரக்குக்கு ஏற்ற எடையைக் குண்டுக்குக் கீழே மாட்டி மிதக்கவிட வேண்டும். 60 எடை மாட்டி, திரவ மட்டம் தண்டில் 4.4-ஐத் தொட்டால் குறி 64.4. இதுவே விடை என்று நினைத்துவிடக் கூடாது. சாராயத்தின் சூட்டைத் தெர்மாமீட்டரில் பார்த்து, கூடவே கொடுத்திருக்கும் அட்டவணைப் புத்தகத்தில் அந்தச் சூட்டுக்கான பக்கத்தைப் புரட்டி, 64.4-க்கு நேரே பார்த்தால்தான் 'இத்தனை டிகிரி அண்டர் புரூஃப்' அல்லது 'ஓவர் புரூஃப்' என்ற விடை கிடைக்கும். கருவியைவிட அந்தப் புத்தகம்தான் முக்கியம் என்பேன்.

சட்டம் புரூஃபுக்குக் கொடுத்த வரையறை இது: பாரன்ஹீட் 51 டிகிரியில், அதாவது நம் கணக்கில் சுமார் 10.5 டிகிரி சூட்டில், அதே கன அளவு காய்ச்சி வடித்த தண்ணீரின் எடையில் சரியாக 13-இல் 12 பங்கு இருக்கும் சாராயம். தண்ணீர் 13 ராத்தல் என்றால் சாராயம் 12 ராத்தல். இதில் 'இத்தனை சதவீதம் ஆல்கஹால்' என்று ஒரு வார்த்தைகூட இல்லை, கவனியுங்கள். சட்டம் பேசியது எடையைப் பற்றி மட்டும். அப்படிப்பட்ட சரக்கில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறது என்று பிற்பாடு கணக்குப் போட்டபோது கன அளவில் 57.1 சதவீதம் என்று வந்தது. யாரும் 57.1 வேண்டும் என்று உட்கார்ந்து தேர்ந்தெடுக்கவில்லை. 12-க்கு 13 என்ற எடைக் கணக்கின் பக்கவிளைவு அது.

இதுதான் 4/7 வந்த கதை. நூறில் 57.1 என்பது ஏழில் நான்குக்கு நூலிழை வித்தியாசத்தில் பொருந்துகிறது. புரூஃப் ஸ்பிரிட்டை 100° என்று வைத்தால், 100 × 4 ÷ 7 = 57.14. லேபிள் படிக்க இவ்வளவு துல்லியம் தாராளமாகப் போதும். இதன்படி சுத்த ஆல்கஹால் 175° ஆகிறது. பிரிட்டிஷ் அளவில் உச்சம் 175 என்று நினைவில் வைத்துக்கொண்டால் ஒரு லாபம் உண்டு. 'புரூஃப்' என்று போட்டு 180, 190 என்று எண் வந்தால் அது பிரிட்டிஷ் லேபிளாக இருக்கவே முடியாது.

அமெரிக்கர்கள் இந்தச் சிக்கலுக்குள் போகவில்லை. 1868ஆம் ஆண்டின் வரிச் சட்டம் நேரடியாகச் சொன்னது: பாரன்ஹீட் 60 டிகிரியில், தன் கன அளவில் சரிபாதி ஆல்கஹால் உள்ள சரக்கே புரூஃப் ஸ்பிரிட். அதை 100 என்று வைத்தார்கள். சுத்த ஆல்கஹால் 200. அதனால்தான் அங்கே பாதியாக்கினால் விடை வந்துவிடுகிறது. 1897இல் வந்த 'பாட்டில்ட் இன் பாண்ட்' சட்டப்படி, அரசுக் கண்காணிப்புக் கிடங்கில் வைத்து அடைக்கும் விஸ்கி சரியாக 100 புரூஃப், அதாவது 50 சதவீதம் இருக்க வேண்டும். இன்றும் அந்தப் பெயரில் விற்கும் பாட்டில்களுக்கு அதே கணக்குதான்.

இங்கே ஒரு சின்ன விஷயம், தெரியாவிட்டால் குழப்பும். 50 சதவீதம் என்றால் பாதி ஆல்கஹால், பாதி தண்ணீர் என்று தோன்றும். அப்படிக் கலந்தால் அது வராது. ஆல்கஹாலும் தண்ணீரும் சேரும்போது கலவை சுருங்கும். 100 லிட்டர் அமெரிக்கப் புரூஃப் ஸ்பிரிட் செய்ய 50 லிட்டர் ஆல்கஹாலும் ஏறக்குறைய 53.7 லிட்டர் தண்ணீரும் வேண்டும். சேர்த்துக் கூட்டினால் 103.7 வருகிறது, பாத்திரத்தில் இருப்பதோ 100. எடையிலிருந்து சதவீதத்துக்குப் போக ஒரு சின்னச் சூத்திரம் போதாமல், தடிமனான அட்டவணைப் புத்தகம் தேவைப்பட்டதற்கு இந்தச் சுருக்கமே காரணம். பிரிட்டிஷ்காரர்கள் எடையில் வரையறுத்தார்கள், அமெரிக்கர்கள் கன அளவில் வரையறுத்தார்கள். இரண்டு கோடும் வேறு வேறு இடத்தில் விழுந்தது. ஆனால் பெயர் ஒன்று, எண்ணும் 100.

விளைவைப் பாருங்கள். பிரிட்டிஷ் 100° என்பது 57.1 சதவீதம், அமெரிக்கக் கணக்கில் 114 புரூஃப். பிரிட்டிஷ் எண்ணை அமெரிக்க எண்ணாக்க எட்டால் பெருக்கி ஏழால் வகுக்க வேண்டும். இரண்டு நாட்டு மரபுகளும் பிராண்ட் பெயர்களிலேயே ஒளிந்திருக்கின்றன. 'உட்ஸ் 100' என்ற பிரிட்டிஷ் நேவி ரம்மில் அந்த 100 பிரிட்டிஷ் புரூஃப், எனவே 57 சதவீதம். 'வைல்ட் டர்க்கி 101' என்ற கென்டகி போர்பனில் 101 அமெரிக்கப் புரூஃப், எனவே 50.5. எண்ணை மட்டும் பார்த்தால் போர்பன் ஒரு படி தூக்கல் என்று தோன்றும். உண்மையில் ரம்தான் ஆறரை சதவீதம் தூக்கல். 'கிளென்ஃபார்க்ளஸ் 105' ஸ்காட்சிலும் இதே பாடம். 105 × 4 ÷ 7 = 60. பாதியாக்கிப் பார்த்து 52.5 என்று நினைத்துக் குடித்தவர் அன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரமே தூங்கியிருப்பார்.

சரி, உங்கள் பாட்டில்களுக்கு வருவோம். 70° என்பது ஏன் அவ்வளவு பரவலாக இருந்தது? முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் அரசு தொழிலாளர்கள் குடிப்பதைக் கட்டுப்படுத்த மதுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒன்றை அமைத்தது. சாராயத்தை 30 அண்டர் புரூஃபுக்கு நீர்க்கச் செய்ய வேண்டும் என்ற விதி அப்போது வந்தது. நூறிலிருந்து 30 கீழே, அதாவது 70°. போர் முடிந்த பிறகும் உள்நாட்டுச் சந்தையில் அந்த எண் அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்று உலகம் முழுவதும் பாட்டிலில் பார்க்கிற 40 சதவீதத்தை ஸ்காட்ச் பக்கம் கொண்டுவந்தது அந்த 30 அண்டர் புரூஃப்தான்.

உங்கள் இரண்டாவது பாட்டிலில் 86.8 என்று ஏன் ஒரு விநோதமான தசமம்? முழு எண்ணாக 86 அல்லது 87 என்று வைத்திருக்கக் கூடாதா? இதைப் பிரிட்டிஷ் கணக்குக்குத் திருப்பிப் பாருங்கள். 86.8 × 7 ÷ 8 = 75.95. அதாவது 76°. ஸ்காட்லாந்தில் கலப்பவருடைய கண்ணுக்கு அது 24 அண்டர் புரூஃப், அழகான முழு எண். கடல் தாண்டி அமெரிக்க லேபிளில் ஏறும்போது 76 × 8 ÷ 7 = 86.857 ஆகி, கடைசி இலக்கங்களை வெட்டிவிட்டு 86.8 என்று நிற்கிறது. இப்படித் தசமத்தோடு ஓர் அமெரிக்க எண்ணைப் பழைய ஸ்காட்ச் பாட்டிலில் பார்த்தால் பிரிட்டிஷுக்குத் திருப்பிப் பாருங்கள். பல சமயம் உள்ளே ஒரு முழு எண் உட்கார்ந்திருக்கும். எனக்கு இதில் ஒரு தனி சந்தோஷம், ஏதோ மறைத்து வைத்ததைக் கண்டுபிடித்த மாதிரி.

அப்புறம் பாட்டில் அளவு. 26⅔ ஃப்ளூயிட் அவுன்ஸ் என்பதும் அரைகுறை எண் மாதிரித் தெரியும், ஆனால் அதுவும் வரிக் கணக்குதான். ஓர் இம்பீரியல் காலன் 160 அவுன்ஸ். அதில் ஆறில் ஒரு பங்கு 26⅔. பன்னிரண்டு பாட்டில் கொண்ட ஒரு பெட்டி சரியாக 2 காலன். 70° சரக்கு என்றால் 2 × 0.70 = 1.4 புரூஃப் காலன், அந்த எண்ணை வரி விகிதத்தால் பெருக்கினால் கலால் தொகை. அமெரிக்காவில் 4/5 குவார்ட் என்பது அவர்கள் காலனில் ஐந்தில் ஒரு பங்கு, அங்கே பேச்சுவழக்கில் 'ஃபிஃப்த்'. பன்னிரண்டு பாட்டில் 2.4 அமெரிக்க காலன். உங்கள் 86.8 சரக்குக்கு 2.4 × 0.868 = 2.08 அமெரிக்கப் புரூஃப் காலன். இரண்டு நாட்டுக் காலனும் வேறு, புரூஃபும் வேறு. ஆனால் பெட்டி இரண்டிலும் இருப்பது 9.1 லிட்டருக்குப் பக்கம். மது வியாபாரத்தில் இன்றும் 'ஒரு கேஸ் என்றால் 9 லிட்டர்' என்று எண்ணுவது இதன் தொடர்ச்சி. இரண்டு பாட்டிலும் ஒரே அளவில் இருப்பது உங்களுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும், காரணம் இதுதான்.

எந்தக் கணக்கு என்று லேபிளிலிருந்து கண்டுபிடிக்க, அந்த அவுன்ஸையும் குவார்ட்டையும்தான் நான் முதலில் தேடுவேன். டிகிரிக் குறியை நம்பாதீர்கள். பிரிட்டிஷ் லேபிளில் பெரும்பாலும் '70°' என்று குறி இருக்கும், அமெரிக்க லேபிளில் பெரும்பாலும் இருக்காது. ஆனால் விதிவிலக்குகள் இரண்டு பக்கமும் உண்டு. 26⅔ அவுன்ஸ் என்றால் பிரிட்டிஷ். 4/5 குவார்ட் என்றால் அமெரிக்கன். கூடவே அமெரிக்க இறக்குமதியாளர் பெயர், மூடிமேல் ஒட்டிய வரிப் பட்டை, கண்ணாடியிலேயே 'இந்தப் பாட்டிலை மறுபடி விற்பதையோ பயன்படுத்துவதையோ கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது' என்ற ஆங்கில வாசகம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த வாசகம் 1935 முதல் 1964 வரை கட்டாயம். எனவே அது இருந்தால் உங்கள் பாட்டிலின் வயதையும் ஓரளவு சொல்லிவிடலாம். ஒன்றும் கிடைக்காவிட்டால் எண்ணை இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். பிரிட்டிஷ் 70-ஐப் பாதியாக்கினால் 35. வழக்கமான ஸ்காட்ச் அவ்வளவு நீர்த்து வராது. விடை நம்பும்படி இல்லையென்றால் கணக்கு தப்பு.

ஆனால் இந்தக் கடைசி சோதனை எல்லா இடத்திலும் கைகொடுக்காது. '80 புரூஃப்' என்று மட்டும் இருந்தால்? அமெரிக்கக் கணக்கில் 40, பிரிட்டிஷில் 45.7. இரண்டுமே நம்பும்படியான எண்கள். பழைய ஸ்காட்ச் மால்ட்களில் 80° பிரிட்டிஷ் அடைப்புகள் உண்மையிலேயே உண்டு. '100 புரூஃப்' நிலையும் இதுதான், 50-ம் இருக்கலாம், 57-ம் இருக்கலாம். அங்கெல்லாம் பாட்டில் அளவும் இறக்குமதியாளர் பெயரும்தான் பஞ்சாயத்தைத் தீர்க்கும்.

இன்னும் இரண்டு பொறிகள். ஒன்று, '30 யு.பி.' மாதிரியான எழுத்துகள். யு.பி. என்றால் அண்டர் புரூஃப். 30 யு.பி. என்பது 30 புரூஃப் அல்ல, 70°. அதேபோல் '25 ஓ.பி.' என்றால் நூறுக்கு மேல் 25, அதாவது 125°, 71.4 சதவீதம். யு.பி.யில் எண் ஏற ஏறச் சரக்கு நீர்க்கும், ஓ.பி.யில் எண் ஏற ஏறத் தூக்கலாகும். இரண்டாவது பொறி, ஐரோப்பாவுக்குப் போன ஸ்காட்ச். இத்தாலிக்கோ பிரான்சுக்கோ போன பழைய பாட்டில்களில் '43°' என்று டிகிரிக் குறியோடு இருக்கும், சிலவற்றில் 'ஜி.எல்.' என்று சேர்த்திருக்கும். அது கே-லூசாக் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் அளவு. அங்கே டிகிரி என்றாலே சதவீதம். 43° ஜி.எல். என்பது 43 சதவீதமேதான், அதை நான்கால் பெருக்கி ஏழால் வகுத்தால் 24.6 என்று அபத்தமாக வரும். 'புரூஃப்' என்ற சொல் லேபிளில் இல்லையென்றால் எதையும் பெருக்க வேண்டாம்.

பிரிட்டன் 1980 ஜனவரி 1 முதல் புரூஃபைக் கைவிட்டு, ஐரோப்பிய வழிக்கு ஏற்பக் கன அளவுச் சதவீதத்துக்கு மாறியது. அந்த மாற்றத்தை ஒட்டிய காலத்தில் அடைத்த பாட்டில்களில் '70° புரூஃப்'பும் '40%'-ம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கலாம். 75° சரக்கு 42.857 என்று வரும், புது லேபிளில் அதை 43 என்று முழுமையாக்கினார்கள். ஜின்னில் அடிக்கடி பார்க்கிற 37.5 சதவீதமும் பழைய 65.5°-இன் மறுபிறவி. அமெரிக்காவில் சதவீதம் கட்டாயம், அதோடு பக்கத்தில் புரூஃபையும் போட்டுக்கொள்ளலாம், பலர் இன்றும் போடுகிறார்கள்.

இந்த 75° நமக்கு அந்நியமில்லை. நம்மூர் ரம், பிராந்தி, விஸ்கி பாட்டில்களைத் திருப்பிப் பாருங்கள், '42.8% வி/வி' என்று இருக்கும். உலகம் 40 என்றும் 43 என்றும் போடும்போது இந்தியாவில் மட்டும் ஏன் 42.8? அது 25 அண்டர் புரூஃப், அதாவது பிரிட்டிஷ் 75°. கடைசி இலக்கங்களை வெட்டி 42.8 ஆக்கிவிட்டார்கள். பல பாட்டில்களில் '75° புரூஃப்' என்றே கூடச் சேர்த்திருப்பார்கள். பல மாநிலங்களில் கலால் தீர்வையையும் புரூஃப் லிட்டர் கணக்கில்தான் எண்ணுகிறார்கள், சில இடங்களில் அதற்குப் பெயரே 'லண்டன் புரூஃப் லிட்டர்'. பன்னிரண்டு 750 மில்லி பாட்டில் கொண்ட பெட்டி 9 லிட்டர், 75°-இல் அது 6.75 புரூஃப் லிட்டர். லண்டன் விட்டுவிட்ட கணக்கை நாம் விடவில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து செய்வீர்கள் என்பதால் சொல்கிறேன். பாட்டிலைத் திறந்து ஆல்கஹால் மீட்டர் போட்டு அளந்து பார்க்கலாமா என்று தோன்றும். நான் ஒரு தடவை மீட்டர் வாங்கிய ஆர்வத்தில், 42.8 என்று போட்ட வோட்கா ஒன்றை மே மாதத்துச் சென்னையில் அளந்தேன். 47-க்குப் பக்கத்தில் காட்டியது. கடைக்காரர் ஏதோ தப்பான சரக்கைத் தந்துவிட்டார் என்றே முடிவு கட்டிவிட்டேன். தப்பு என் மேல்தான். என் மீட்டர் 20 டிகிரிக்கு ஏற்றது, அறையில் 31 டிகிரி. சூட்டில் சரக்கு விரிந்து லேசாகும், மிதவை ஆழமாக முங்கும், அதிக எண் காட்டும். இந்த அளவுச் சரக்கில் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும் என்று வைத்துக்கொள்ளலாம். பதினொரு டிகிரிக்கு நாலு சதவீதத்துக்கு மேல். அதைக் கழித்தால் லேபிள் சொன்ன இடத்துக்கே வந்துவிடுகிறது. சைக்ஸ் தன் கருவியோடு அட்டவணைப் புத்தகம் கொடுத்தது இதற்குத்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. சர்க்கரை கலந்த லிக்கர், இனிப்பு ரம் என்றால் தலைகீழ்: சர்க்கரை திரவத்தைக் கனமாக்கிவிடும், மிதவை மேலே நிற்கும், இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். அதற்குக் காய்ச்சி வடித்துத்தான் அளக்க முடியும்.

உங்கள் ஸ்காட்சில் சர்க்கரைப் பிரச்சினை இல்லை. ஆனால் திறக்கும் முன் கழுத்தைப் பாருங்கள். திரவ மட்டம் தோள்பட்டைக்குக் கீழே இறங்கியிருந்தால் மூடி வழியாக ஆவி போயிருக்கிறது, ஆல்கஹாலும் கூடவே கொஞ்சம் போயிருக்கும். லேபிளில் உள்ள 70°-ம் 86.8-ம் அடைத்த அன்றைய எண்கள். மட்டம் இறங்கிய பாட்டிலில் அதைவிடக் குறைவாக இருப்பதே வழக்கம். அளப்பதாக இருந்தால் பாட்டிலை 20 டிகிரிக்குக் குளிரவைத்து, அதே சூட்டில் இருக்கும் குழலில் ஊற்றி, குமிழ்கள் அடங்கிய பிறகு பாருங்கள்.